8 வாட் சிப்புக்கு ஹீட் சிங்க்: ஃபின்களை எவ்வளவு நெருக்கலாம்?

கார்முகில்

வணக்கம். 10-க்கு 10 மி.மீ. மேற்பரப்பு உள்ள ஒரு சிறிய சிப், தொடர்ந்து 8 வாட் எடுக்கிறது. ஃபேன் வைக்க முடியாது. போர்டு செங்குத்தாக நிற்கும், ஃபின்களும் கீழிருந்து மேலாக ஓடுகின்றன. சிங்க்குக்கு எனக்குக் கிடைக்கும் இடம் 50-க்கு 50 மி.மீ., வெளியே நீட்ட 30 மி.மீ.க்குள்.

இப்போது போட்டிருப்பது கறுப்பு அனோடைஸ் செய்த அலுமினிய சிங்க். அடித்தட்டு 3 மி.மீ., அதில் 1 மி.மீ. தடிமனில் 17 ஃபின், 25 மி.மீ. உயரம், நடுவில் 2 மி.மீ. இடைவெளி. பரப்பு அதிகம் இருந்தால் நல்லது என்றுதான் இதைத் தேர்ந்தெடுத்தேன். அறை 30 டிகிரியில் இருக்கும்போது அடித்தட்டு 84, சிப்புக்குள் இருக்கும் சென்சார் 125 காட்டுகிறது, உடனே சிப் வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. பெட்டிக்குள் காற்று 45 வரை போகும். அங்கேயும் சிப் 110-ஐத் தாண்டக் கூடாது.

ஃபின்னை 0.5 மி.மீ. ஆக்கி இன்னும் நெருக்கலாமா, இல்லை அடித்தட்டைத் தடிமனாக்கலாமா? எதில் கைவைப்பது?

செம்புப்பட்டை

முதலில் அடித்தட்டு. 3 மி.மீ. ரொம்ப மெலிசு. சின்ன சிப்பிலிருந்து வரும் சூடு ஓரத்து ஃபின் வரைக்கும் பரவவே பரவாது. 10 மி.மீ. தட்டு போடுங்கள், முடிந்தால் செம்பு. ஃபின்னையும் குறைக்காதீர்கள். பரப்புதான் வேலை செய்யும், அதைக் குறைத்துவிட்டு எதைக் கொண்டு சூட்டை இறக்குவது?

வேகத்தட்டு

என் கிராஃபிக்ஸ் கார்டில் ஃபின் இடைவெளி 2 மி.மீ.கூட இருக்காது. 150 வாட்டுக்கு மேல் இழுத்தாலும் அசராமல் ஓடுகிறது. அதனால் இடைவெளியில் பிரச்சினை இருக்காது. பேஸ்ட் காய்ந்து போயிருக்கும், மாற்றிப் பாருங்கள்.

வெப்பவழி

வேகத்தட்டு சொல்லும் கார்டில் ஃபேன் இருக்கிறது. ஃபேன் காற்றைப் பிடித்துத் தள்ளுவதால் குறுகலான சந்திலும் அது ஓடும். கார்முகில் கேட்பது தானாக மேலேறும் காற்றைப் பற்றி. அங்கே காற்றைத் தள்ளுவது சூடான காற்றுக்கும் குளிர்ந்த காற்றுக்கும் உள்ள எடை வித்தியாசம் மட்டும்தான். அது மிகச் சின்ன விசை. 2 மி.மீ. சந்தில் இரண்டு பக்கச் சுவரும் காற்றை இழுத்துப் பிடித்துக்கொள்ளும்.

ஒவ்வொரு ஃபின்னை ஒட்டியும் ஒரு சூடான காற்றுப் படலம் இருக்கும். கீழ் ஓரத்தில் மெல்லியதாகத் தொடங்கி மேலே போகப்போகத் தடிக்கும். எதிரெதிர் ஃபின்களின் படலங்கள் கீழேயே ஒன்றோடொன்று முட்டிக்கொண்டால், அதற்கு மேல் இருக்கும் காற்று ஏறக்குறைய ஃபின் அளவுக்குச் சூடாகிவிடும். அப்புறம் அதற்குச் சூட்டை எப்படிக் கொடுப்பது? பரப்பு இருக்கும், வேலை இருக்காது. நேரிலேயே சோதிக்கலாம். மெல்லிய தெர்மோகப்பிளைச் சந்தின் மேல் வாயில், இரண்டு ஃபின்னுக்கும் நடுவில், எதையும் தொடாமல் பிடியுங்கள். அது ஃபின்னின் வெப்பநிலையை நெருங்கினால் சந்து அடைத்துக்கொண்டது என்று அர்த்தம்.

இதற்கான சமன்பாடு பழையது. எலன்பாஸ் 1942-இல் கொடுத்தார், பார்-கோஹனும் ரோசெனோவும் 1984-இல் அதிலிருந்து உகந்த இடைவெளியைக் கணக்கிடும் வழியைக் கொடுத்தார்கள். உங்கள் சிங்க்குக்கு இப்படி ஓட்டிப் பார்க்கலாம்:

```python
k, nu, al = 0.029, 1.95e-5, 2.78e-5
L, dT, Tf = 0.05, 40, 338
for s in (0.002, 0.004, 0.006, 0.008, 0.010):
    E = 9.81*dT/Tf * s**4 / (nu*al*L)
    Nu = (576/E**2 + 2.873/E**0.5)**-0.5
    print(s, round(Nu*k/s, 2))
```

`L` என்பது காற்று ஓடும் திசையில் ஃபின்னின் நீளம். `dT` ஃபின்னுக்கும் காற்றுக்கும் உள்ள வித்தியாசம். வெளியே வருவது ஒரு சதுர மீட்டர் ஒரு டிகிரிக்கு எத்தனை வாட் இறக்கும் என்பது. 2 மி.மீ.க்கு 0.4தான் வரும். 4-க்கு 3, 6-க்கு 6.4, 8-க்கு 7.5, 10-க்கு 7.7.

இதை 50 மி.மீ. அகலத்தில் கொள்ளும் ஃபின்களின் பரப்போடு பெருக்கினால்தான் கதை தெரியும். 40 டிகிரி வித்தியாசத்தில், 4 மி.மீ. இடைவெளி விட்டு 11 ஃபின் வைத்தால் 3.4 வாட். 6 மி.மீ. விட்டு 8 ஃபின் வைத்தால் 5.1. 8 மி.மீ. விட்டு 6 ஃபின் வைத்தால் 4.5. 10 மி.மீ.யில் 5 ஃபின் வைத்தால் 3.8 வாட். உச்சி 6 மி.மீ. பக்கம் இருக்கிறது. 6-லிருந்து 4-க்கு நெருக்கினால் மூன்றில் ஒரு பங்கு போய்விடுகிறது, 6-லிருந்து 8-க்கு அகட்டினால் எட்டில் ஒரு பங்குதான் போகிறது. அதனால் சந்தேகம் வந்தால் அகலப் பக்கம் சாயுங்கள்.

கார்முகில்

வெப்பவழி அண்ணா, 2 மி.மீ.க்கு இதே கணக்கைப் போட்டால் ஃபின்களுக்கு நடுவே ஒரு வாட்கூட இறங்கவில்லை என்று வருகிறது. ஆனால் என் சிங்க் 54 டிகிரி ஏற்றத்தில் 8 வாட்டைச் சமாளிக்கிறதே, அது எப்படி?

வெப்பவழி

சரியான கேள்வி. அந்தச் சமன்பாடு இரண்டு தட்டுகளுக்கு நடுவே காற்று கீழ் வாயில் நுழைந்து மேல் வாயில் வெளியேறுவதாக மட்டும் எடுத்துக்கொள்கிறது. உங்கள் சிங்க்கில் ஃபின்களின் நுனிப்பக்கம் திறந்திருக்கிறது, அங்கிருந்தும் காற்று உள்ளே வரும். நெருக்கமான ஃபின்னுக்கு அது பெரிய உதவி. அதனால் 2 மி.மீ.க்கு வரும் எண்ணை அப்படியே நம்ப வேண்டாம், உண்மை அதைவிட நன்றாக இருக்கும். 6 மி.மீ. பக்கம் கணக்கு கொஞ்சம் பரவாயில்லை.

அடுத்தது கதிர்வீச்சு. அனோடைஸ் செய்த சிங்க் 40 டிகிரி வித்தியாசத்தில் ஏறக்குறைய 2 வாட்டைக் கதிர்வீச்சாலேயே இறக்கும். இதற்கு வெளிப்புறப் பெட்டி வடிவத்தின் பரப்பைத்தான் எடுக்க வேண்டும், ஏனென்றால் உள்ளே ஃபின்கள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருக்கின்றன. 17 ஃபின்னோ 8 ஃபின்னோ, வெளிவடிவம் ஒன்றுதான். பளபளப்பான வெறும் அலுமினியத்தில் இந்த 2 வாட் கிட்டத்தட்ட இல்லாமல் போகும். இதெல்லாம் போக, போர்டின் செம்பு வழியாகவும் கொஞ்சம் சூடு ஓடும்.

செம்புப்பட்டை

அப்படியென்றால் கறுப்பு நிறம் முக்கியம் என்று ஆகிறது. கறுப்புப் பெயின்ட் அடித்துவிடலாமே?

வெப்பவழி

நிறத்துக்கு இதில் பங்கு இல்லை. இந்த வெப்பநிலையில் கதிர்வீச்சு கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பில் இருக்கிறது. நிறமில்லாத அனோடைஸும் கறுப்பு அனோடைஸும் அங்கே ஏறக்குறைய ஒன்றுதான். மெல்லிய பெயின்டும் வேலை செய்யும், சிப் தொடும் இடத்தில் மட்டும் படக் கூடாது.

உங்கள் அடித்தட்டு யோசனைக்கு வருகிறேன். சூடு பரவ வேண்டும் என்பது சரி. எவ்வளவு தடிமன் வரைக்கும் அது பலன் தருகிறது என்பதில்தான் நான் வேறுபடுகிறேன். 10 மி.மீ. சதுரத்திலிருந்து 50 மி.மீ. சதுரத்துக்கு 8 வாட் பரவ, அலுமினியத் தட்டில் எவ்வளவு டிகிரி இழப்பு என்று கணக்கிட்டேன். தட்டு 1 மி.மீ. என்றால் 7 டிகிரி போகிறது. 2 மி.மீ.யில் 3.6, 3 மி.மீ.யில் 2.5, 5 மி.மீ.யில் 1.8. நீங்கள் சொல்லும் 10 மி.மீ.யில் 1.5. அதாவது 3-லிருந்து 10-க்குப் போய் ஒரே ஒரு டிகிரி கிடைக்கிறது. அந்த 7 மி.மீ. உயரத்தையும் ஃபின்னுக்குக் கொடுத்தால் பரப்பு கால் பங்குக்கு மேல் கூடும். 30 மி.மீ.க்குள் அடங்க வேண்டிய இடத்தில் அதுதான் பெரிய லாபம்.

தடித்த தட்டு ஒரு அளவுக்கு மேல் ஏன் உதவுவதில்லை என்றால், இடுக்கு சிப்புக்கு நேர் கீழே இருக்கிறது. சூடு முதல் சில மில்லிமீட்டருக்குள் நெரிசலாகக் கிளம்புகிறது. அதற்கப்புறம் எவ்வளவு உலோகம் இருந்தாலும் அந்த நெரிசல் குறையாது. சிப் 4 மி.மீ. சதுரமாக இருந்திருந்தால் அதே 3 மி.மீ. தட்டில் 5.5 டிகிரி போயிருக்கும். அங்கே சிப்புக்கு அடியில் ஒரு செம்புத் துண்டு பதிப்பதில் அர்த்தம் உண்டு. 10 மி.மீ. சதுரத்துக்கு இந்த வாட்டில் தேவையில்லை.

செம்புப்பட்டை

நான் பார்த்த போர்டுகளில் தடித்த தட்டு போட்டதும் சிப் அமைதியானதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். அவை தொடர்ந்து ஓடாதவை, சில வினாடி மட்டும் உச்சத்துக்குப் போய் இறங்குபவை. அங்கே 10 மி.மீ. தட்டு சூட்டை வாங்கி வைத்துக்கொள்ளும்.

வெப்பவழி

அது முற்றிலும் சரி. 50-க்கு 50-க்கு 10 மி.மீ. அலுமினியம் 67 கிராம் வரும், அதை ஒரு டிகிரி ஏற்றவே 8 வாட்டுக்கு ஏழெட்டு வினாடி ஆகும். விட்டு விட்டு ஓடும் சிப்புக்கு எடை ஒரு சொத்து. கார்முகில் சொன்னது தொடர்ந்து 8 வாட் என்பதால் நான் அதை எடுக்கவில்லை.

பழைய_லேத்

மில்லிங் வேலை செய்பவன் என்ற முறையில் ஒரு சங்கதி. 25 மி.மீ. உயரத்தில் 1 மி.மீ. ஃபின்னை மில்லில் எடுக்கச் சொன்னால் எடுக்கலாம், ஆனால் கடைசி ஃபின் அதிரும், நுனி ஒரு பக்கம் சாயும், வெட்டு வேகத்தைப் பாதியாக்க வேண்டும். 0.5 மி.மீ. என்றால் நான் வேலையையே வாங்க மாட்டேன். 1.5 மி.மீ. கொடுங்கள், நேராக நிற்கும். அடியில் சின்ன ரேடியஸ் விடுங்கள், கட்டர் முனை சதுரமாக இருக்காது. எக்ஸ்ட்ரூஷன் என்றால் 6 மி.மீ. சந்து, 25 மி.மீ. உயரம் சுலபமாக வரும், ஆனால் டை செலவுக்கு எண்ணிக்கை வேண்டும்.

வெப்பவழி

பழைய_லேத் ஐயா சொல்வதைக் கேட்டுக்கொள்ளுங்கள். ஃபின் தடிமனை இங்கே சூடு முடிவு செய்யவில்லை, கருவிதான் முடிவு செய்கிறது. காற்று வாங்கும் சூடு இவ்வளவு குறைவாக இருக்கும்போது 1 மி.மீ. ஃபின்னின் நுனி அடியைவிட ஒரு டிகிரிதான் குறைவாக இருக்கும். திறன் 98 சதவீதத்துக்கு மேல். 0.5 மி.மீ. ஆக்கினாலும் 97-க்குக் கீழே போகாது. ஃபேன் வைத்தால் கதை மாறும், அங்கே மெல்லிய ஃபின்னின் நுனி வேலை செய்யாமல் போகத் தொடங்கும்.

1.5 மி.மீ. என்றால் 50 மி.மீ. அகலத்தில் 7 ஃபின், இடைவெளி 6.6 மி.மீ. வரும். ஒரு ஃபின் குறைந்தாலும் சந்து அகலமானதால் மொத்த இழப்பு 6 சதவீதம், ஏறக்குறைய 0.3 வாட்.

இனி நான் முதலிலேயே கேட்டிருக்க வேண்டிய கேள்வி. கார்முகில், அடித்தட்டு 84, சிப் 125. நடுவில் 41 டிகிரி இருக்கிறது. டேட்டாஷீட்டில் ஜங்ஷனிலிருந்து மேற்பரப்புக்கு என்ன மதிப்பு? சிப்புக்கும் சிங்க்குக்கும் நடுவில் என்ன வைத்திருக்கிறீர்கள்?

கார்முகில்

வாட்டுக்கு 1.5 டிகிரி என்று இருக்கிறது. நடுவில் 1 மி.மீ. தெர்மல் பேட், 3 வாட் வகை. சிப்புக்குப் பக்கத்தில் ஒரு இண்டக்டர் சிப்பைவிட உயரமாக நிற்கிறது. சிங்க் அதில் முட்டாமல் இருக்கத்தான் பேட்.

வெப்பவழி

பேட்தான் முதல் குற்றவாளி. 1 மி.மீ. தடிமன், 3 வாட் கடத்துதிறன், 10 மி.மீ. சதுரம்: வாட்டுக்கு 3.3 டிகிரி. 8 வாட்டுக்கு 27 டிகிரி அதில் மட்டும் போகிறது. சிப்புக்குள் 12, அடித்தட்டுப் பரவலில் 2.5, பேட்டில் 27. கூட்டினால் 41.5. நீங்கள் அளந்ததும் அதுதான்.

பேட்டுக்குப் பதில் 0.1 மி.மீ. பேஸ்ட் என்றால் அதே கணக்கில் 2.7 டிகிரி. ஃபின்னை மாற்றி நீங்கள் சேமிக்கப்போவது பத்துப் பதினைந்து டிகிரி, இங்கே 24. சின்ன சிப்பில் எப்போதும் இப்படித்தான். தொடும் பரப்பு சிறியது என்பதால் பெரிய சிப்பில் கண்டுகொள்ளாமல் விடக்கூடிய பேட் இங்கே மொத்த பட்ஜெட்டையும் விழுங்கும்.

இண்டக்டருக்காக சிங்க்கைத் தூக்க வேண்டாம். அடித்தட்டின் கீழ்ப்பக்கம் சிப் இருக்கும் இடத்தில் மட்டும் 11 மி.மீ. சதுரத்தில் 1 மி.மீ. மேடு விட்டு மற்றதைச் சீவிவிடுங்கள். அந்த மேடு அரை டிகிரிக்கும் குறைவாகத்தான் எடுக்கும்.

பழைய_லேத்

மேடு விடுவது ஒரே செட்டிங்கில் முடியும், தனிச் செலவு இல்லை. மேட்டின் முகத்தைக் கடைசியாக மெல்லிய வெட்டில் எடுக்கச் சொல்லுங்கள். நேரான விளிம்பை வைத்து வெளிச்சத்துக்கு எதிரே பாருங்கள், நடுவில் வெளிச்சம் தெரிந்தால் பேஸ்ட் அங்கே தடிக்கும்.

நிலாமுற்றம்

நடுவில் புகுவதற்கு மன்னிக்கவும். என் போர்டு படுத்த நிலையில், ஃபின்கள் வானத்தைப் பார்க்கின்றன. எனக்கும் 6 மி.மீ.தானா?

வெப்பவழி

அந்தச் சமன்பாடு உங்களுக்குப் பொருந்தாது அம்மா. காற்று இரண்டு பக்க வாயிலிலும் நுழைந்து, நடுவில் திரும்பி மேலே போகும். சிங்க் நீளமாக இருந்தால் நடுப்பகுதி பட்டினி கிடக்கும். 50 மி.மீ. போன்ற குட்டையான சிங்க்கில் 6-லிருந்து 8-க்குள் வைத்துத் தொடங்கலாம். அதற்கு மேல் அளந்து பார்க்காமல் நான் எதுவும் சொல்ல மாட்டேன். மேலே மூடி இருந்தால் அது எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதும் முடிவை மாற்றும்.

செம்புப்பட்டை

படுத்த நிலைக்குக் குச்சி ஃபின் நல்லது. எல்லாப் பக்கமிருந்தும் காற்று வரும்.

வெப்பவழி

வரும். ஆனால் அதே இடத்தில் பரப்பு குறையும். எது ஜெயிக்கும் என்பது அளவைப் பொறுத்தது, பொதுவாகச் சொல்ல எனக்குத் துணிவில்லை.

கார்முகில்

புது சிங்க் வருமுன் ஒரு சோதனை செய்தேன். பேட்டை எடுத்துவிட்டு 1 மி.மீ. தடிமனில் சிப் அளவுக்கு வெட்டிய செம்புத் துண்டு வைத்து, மேலும் கீழும் பேஸ்ட். பழைய 17 ஃபின் சிங்க்தான். அறை அதே 30. அடித்தட்டு 84-இல் அசையவில்லை, சிப் 125-லிருந்து 105-க்கு இறங்கிவிட்டது. வேகமும் குறையவில்லை.

சந்தின் மேல் வாயில் தெர்மோகப்பிளும் பிடித்துப் பார்த்தேன். ஃபின் 82, வெளியே வரும் காற்று 74.

வெப்பவழி

அழகு. பேஸ்ட் இரண்டு அடுக்கு என்பதால் 5 டிகிரி அதில் போயிருக்கும், மேடு வைத்தால் அதில் பாதி திரும்பி வரும். 30-இல் நுழைந்த காற்று 74-ஆக வெளியேறுகிறது என்றால் சந்து நிறைந்து வழிகிறது. அகலப்படுத்தினால் கண்டிப்பாகப் பலன் இருக்கும்.

கார்முகில்

புது சிங்க் வந்தது. 3 மி.மீ. அடித்தட்டு, 11 மி.மீ. சதுர மேடு, 1.5 மி.மீ. தடிமனில் 7 ஃபின், 25 மி.மீ. உயரம், நிறமில்லாத அனோடைஸ், மேட்டின் முகத்தில் மட்டும் வெறும் உலோகம். அறை 30, அரை மணி நேரம் விட்டு அளந்தது: அடித்தட்டு 72, சிப் 89. பதினேழு ஃபின்னைவிட ஏழு ஃபின் 12 டிகிரி குளிர்ச்சி. எடையும் குறைந்துவிட்டது.

45-இல் கூட்டினால் 104 வருகிறது, 110-க்கு உள்ளேதான். ஆனால் பெட்டிக்குள் வைத்ததும் ஒரு சந்தேகம். பெட்டியின் அடியில் காற்று 41, மேலே 52. எதை 45 என்று எடுத்துக்கொள்வது?

வெப்பவழி

சிங்க்கின் கீழ் வாய்க்கு ஒரு சென்டிமீட்டர் கீழே அளங்கள், அதுதான் சிங்க் குடிக்கும் காற்று. கதிர்வீச்சுக்கு மட்டும் பெட்டிச் சுவரின் வெப்பநிலை கணக்கு. சுவரும் சூடாக இருந்தால் அந்த 2 வாட் குறையும். போர்டைப் பெட்டிக்குள் கீழே இறக்க வழி இருக்கிறதா?

கார்முகில்

15 மி.மீ. இறக்கலாம். அதற்குக் கீழே கனெக்டர் இடிக்கிறது.

பழைய_லேத்

கனெக்டரைத் தொட வேண்டாம். பெட்டியின் அடித்துளைகள் சிங்க்குக்கு நேர் கீழே இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். ஓரத்தில் இருந்தால் நேர் கீழே நாலு துளை போடுவது சுலபம்.

வெப்பவழி

அதைச் செய்துவிட்டு அதே இடத்தில் மறுபடி அளந்து போடுங்கள். மேல் பக்கமும் அதே அளவுக்குத் திறப்பு இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கீழே துளை போட்டும் காற்று நகராது.